ஸ்கூட்டர்ல இருந்து பெரிய பைக்குக்கு: 350 சிசி கோட்டைத் தாண்டாதீங்க

பாலசமுத்திரத்துல இருந்து பழனிக்கு தினமும் வேலைக்குப் போய் வர்ற தம்பி ஒருத்தர், ஸ்கூட்டரைக் கொடுத்துட்டு ஹிமாலயன் 450 எடுக்கப் போறேன்னு கணக்கு கேட்டார். மாசம் ஒரு தடவை கொடைக்கானல் ஏறணும், அதான் ஆசை.

நான் முதல்ல பார்த்தது வரி. 2025 செப்டம்பர் 22-லிருந்து 350 சிசி வரை ஜிஎஸ்டி 18%, அதுக்கு மேல 40%. வரிக்கு முந்தைய விலை 2 லட்சம்னா ஒண்ணுக்கு 36,000, இன்னொண்ணுக்கு 80,000. ஹிமாலயன் 452 சிசி. மீட்டியோர் 350 க்ரூஸர் 349 சிசி. கோடு அங்கதான் விழுது. புது வண்டிக்கு ஐந்து வருஷ தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸும் 2022 அறிவிப்புப்படி 7,365, கோட்டைத் தாண்டினா 15,117.

அடுத்து பெட்ரோல். மாசம் 400 கிலோமீட்டர், லிட்டர் 100 ரூபாய்னு வைங்க. லிட்டருக்கு 50 தர்ற 125 சிசி கம்யூட்டருக்கு 800 ரூபாய், 32 தர்ற க்ரூஸருக்கு 1,250. வேலைக்குப் போக மட்டும்னா கம்யூட்டரே போதும், சந்தேகமே இல்ல.

பணத்தை விட எனக்கு பயம் இடது கைதான். ஸ்கூட்டர்ல இடது லிவர் பிரேக். பைக்ல அது கிளட்ச். பதட்டத்துல அதை மட்டும் இழுத்தா வண்டி நிக்காது, உருண்டுக்கிட்டே போகும். பின் பிரேக் வலது காலுக்கு மாறிடுச்சு. அந்தப் பழக்கம் மாறுற வரைக்கும் 825 மில்லிமீட்டர் உயர சீட்ல நுனிக்கால்ல நிக்கிறதை விட, மீட்டியோரோட 765-ல பாதம் முழுசா ஊன்றது எவ்வளவோ மேல்.

தம்பிக்கு மீட்டியோர்தான் சொன்னேன். முகம் சுருங்கிடுச்சு. கொண்டை ஊசி வளைவு நல்லா பழகின பிறகு, ஹிமாலயனை ஒரு நாள் வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பாருங்கன்னேன்.