பிள்ளை வாங்கிய வைரங்கள்



பிள்ளைகள் கையில் கைப்பேசியைக் கொடுத்துவிட்டு நாம் நம் வேலையைப் பார்க்கிறோம். விளையாட்டின் நடுவே ‘வைரம்’, ‘நாணயம்’ என்று பளபளக்கும் பெட்டியொன்று தோன்றுகிறது. பிள்ளை அதைத் தொட்டவுடன் நம் பணம் போய்விடுகிறது. அதைத் திரும்பக் கேட்டு எழுதும் முறையை இம்மாதம் காண்போம்.

வெள்ளிமலையில் கடை நடத்தும் ஒரு குடும்பத்தை எண்ணிக்கொள்ளுங்கள். தந்தையின் கூகுள் பிளே கணக்கில் ஆயிரம் ரூபாய் இருப்பு இருக்கிறது. ஒன்பது வயது மகன் வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு 800 ரூபாய்க்கு வைரங்கள் வாங்கிவிடுகிறான். வாங்கும்போது கடவுச்சொல் கேட்கும்படி அந்தக் கருவியில் அமைக்கப்படவில்லை. ஆகவே யாரும் எதையும் கேட்கவில்லை. மறுநாள் காலை மின்னஞ்சலில் வந்த ரசீதைப் பார்த்துத்தான் அத்தாவுக்கு விஷயம் தெரிகிறது.

அவர் முதலில் செய்ய வேண்டியது, பிள்ளையை அதட்டுவதன்று. அந்த ரசீதைப் பத்திரப்படுத்துவதே. அதில் GPA என்று தொடங்கும் ஆர்டர் எண் இருக்கும். தேதியும் தொகையும் இருக்கும். மீதமுள்ள வைரங்களை மேற்கொண்டு செலவழிக்காமல் விளையாட்டை நிறுத்திவைக்க வேண்டும்.

அடுத்தது நேரம். வாங்கி 48 மணி நேரத்திற்குள் கூகுளிடமே நேராகக் கேட்கலாம். அது கடந்துவிட்டால், பெரும்பாலும் விளையாட்டைத் தயாரித்தவரிடம் போகும்படி சொல்லிவிடுவார்கள். இந்தக் கணக்கு நாம் கண்டறிந்த நேரத்திலிருந்து தொடங்குவதன்று, வாங்கிய நேரத்திலிருந்து தொடங்குவது. நம் கதையில் கெடு ஞாயிறு மாலை ஆறு மணி. மலையில் சிக்னல் விட்டு விட்டு வரும் ஊர்களில் இருப்பவர்கள், ‘திங்கள்கிழமை கள்ளக்குறிச்சிக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம்’ என்று தள்ளிவைத்தால் வாய்ப்பு கைநழுவிப் போகும்.

play.google.com என்ற தளத்தில், பணம் செலுத்திய அதே கணக்கில் நுழைந்து, ஆர்டர் வரலாற்றைத் திறந்தால் ஒவ்வொரு கொள்முதலுக்கும் அருகே சிக்கலைத் தெரிவிக்கும் இணைப்பு இருக்கும். அங்கே காரணத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். பலர் தவறுவது இங்கேதான். ‘யாரோ என் கணக்கைத் திருடிவிட்டார்கள்’ என்று எழுதினால் இரக்கம் கிடைக்கும் என நினைக்கிறார்கள். முன்பின் தெரியாதவர் செய்த மோசடிக்கு உரிய வழி வேறு. அதற்கு 120 நாட்கள் அவகாசமும் உண்டு. வீட்டுப் பிள்ளை தொட்டதை அந்தக் கணக்கில் சேர்ப்பது பொய்யுமாகும், வழக்கையும் கெடுக்கும். குடும்பத்தினர் நம் ஒப்புதலின்றி வாங்கினர் என்ற காரணமே நம்முடையது.

எழுதும் கடிதம் நீளமாக இருக்க வேண்டியதில்லை. இப்படி எழுதலாம்:

“ஆர்டர் எண் (GPA...). தேதி, நேரம். தொகை 800 ரூபாய். என் ஒன்பது வயது மகன், என் அனுமதியின்றி, விளையாட்டின் நடுவே தவறுதலாக இதை வாங்கிவிட்டான். இன்று காலை ரசீதைக் கண்ட பிறகே அறிந்தேன். வைரங்களில் ஒரு பகுதி செலவாகியுள்ளது. மற்றவை அப்படியே உள்ளன. இனி ஒவ்வொரு கொள்முதலுக்கும் கடவுச்சொல் கேட்கும்படி அமைத்துவிட்டேன். தொகையைத் திருப்பித் தருமாறு வேண்டுகிறேன்.”

செலவான பகுதியை மறைக்க வேண்டாம். கணக்கு அவர்களிடம் இருக்கிறது. கடைசி வாக்கியத்தில் சொன்ன அமைப்பை உண்மையிலேயே செய்துவிட்டே எழுதுங்கள்.

முடிவு பெரும்பாலும் ஒரு நாளில் வரும். நான்கு வேலை நாட்கள் வரையும் ஆகலாம். மறுத்தால், விளையாட்டின் பக்கத்திலுள்ள தயாரிப்பாளரின் மின்னஞ்சலுக்கு இதே கடிதத்தை அனுப்புங்கள். பணத்தைத் திருப்பித்தர அவருக்கும் அதிகாரம் உண்டு. அங்கும் பலனில்லையேல், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் முறையிடலாம். ஐபோன் வைத்திருப்போர் செல்ல வேண்டிய இடம் reportaproblem.apple.com.

இத்தகைய முறையீடு வீணான கெஞ்சல் என்று எண்ண வேண்டாம். ஒருமுறை கடவுச்சொல் இட்டால், அடுத்த 15 நிமிடங்களுக்குப் பிள்ளைகள் கேள்வியின்றி வாங்கிக்கொண்டே போகலாம் என்ற நிலை ஆப்பிளில் இருந்தது. அதைப் பெற்றோருக்குத் தெளிவாகச் சொல்லவில்லை என்று அமெரிக்க வணிக ஆணையம் வழக்குத் தொடுத்தது. 2014 ஜனவரியில் குறைந்தது 3 கோடியே 25 லட்சம் டாலரைத் திருப்பித்தர ஆப்பிள் ஒப்புக்கொண்டது. அதே ஆண்டு செப்டம்பரில் கூகுளும் குறைந்தது 1 கோடியே 90 லட்சம் டாலர் தர இசைந்தது.

இன்னொன்று, சகோதரிகளே. ‘கூகுள் வாடிக்கையாளர் சேவை’ என்று இணையத்தில் தேடி, கிடைத்த எண்ணுக்கெல்லாம் பேசாதீர்கள். திரும்பும் பணம், செலுத்திய வழியிலேயே தானாக வந்து சேரும்; இருப்பிலிருந்து போனது இருப்பிற்கே வரும். அதற்காக யூபிஐ பின்னையோ ஓடிபியையோ கேட்பவர் யாராயினும், அவர் கூகுளைச் சேர்ந்தவரல்லர்.