மூன்றும் தடிச் சீட்டு!

நெல்லித்தோப்பு சகோதரிக்கு,

பழகி நாற்பதே நாள். அதற்குள் அவர் கல்யாணத் தேதி கேட்கிறார் என்கிறீர்கள். நீங்கள் எடுத்த மூன்று டாரட் சீட்டும் தடிகளே. (பிரெஞ்சுக்காரர் சீட்டில் இதற்கு 'பாத்தோன்' என்று பெயர்.) தடி என்றால் நெருப்பு.

முதலில் குதிரை வீரன். ஆசை மெய்தான்; ஆனால் குதிரை முன்கால்களைத் தூக்கித் துள்ளுகிறதே! நடுவில் எட்டுத் தடிகள் வானில் பறக்கின்றன. படத்தில் ஆளே இல்லை. வேகம் இருக்கிறது, பிடித்து நிறுத்தத்தான் கை இல்லை.

முடிவில் வந்தது பத்து. 1909-ல் வெளியான கட்டில் பமீலா கோல்மன் ஸ்மித் வரைந்த படத்தை உற்றுப் பாருங்கள். பத்துத் தடிகளையும் ஒருவனே குனிந்து சுமக்கிறான்; முகம் அந்தக் கட்டுக்குள் புதைந்திருக்கிறது. எதிரே ஊர் வந்தும் அவனுக்குத் தெரியாது. வேகமாய்ப் பற்றிய ஆசை களைத்துப்போவது இப்படித்தான்.

மனத்துக்குரிய கோப்பையும் குடித்தனத்துக்குரிய நாணயமும் ஒன்றுகூட விழவில்லை. சீட்டு 'வேண்டாம்' என்று சொல்லவில்லை, சகோதரி. வீட்டு வாடகை, சம்பளம், அவர் தாயார் யாருடன் இருப்பார் என்பதையெல்லாம் ஒருநாள் அவரிடம் பேசுங்கள். அப்போதும் அதே உற்சாகம் இருந்தால் தேதியைப் பாருங்கள்.