‘ஒழுங்கீனம்’ என்று எழுதாதீர்கள்

தேர்வில் முறைகேடு நடந்திருக்கலாம் என்ற ஐயம் எழும்போது, பள்ளிக்கூடம் மாணவரின் வீட்டுக்குக் கடிதம் எழுதுகிறது. கண்டது இது, கேட்டது இது, இனி நடக்கவிருப்பது இது என்று மட்டும் கூறி, தீர்ப்பு எதுவும் சொல்லாமல் முடியும் கடிதத்தைக் காணும் பெற்றோர் சிலர், “பிள்ளை தப்புச் செய்ததா இல்லையா என்று நேராகச் சொல்ல வேண்டியதுதானே?” எனச் சலித்துக்கொள்கின்றனர். ஆசிரியர்கள் சிலரோ, கண்டிப்பான சொற்கள் இல்லாவிட்டால் வீட்டில் எவரும் பொருட்படுத்த மாட்டார்கள் என்கின்றனர். இவ்விரு தரப்பாரோடும் எனக்கு உடன்பாடு இல்லை.

அக்கடிதம் நம் வீடுகளில் எவ்வாறு படிக்கப்படுகிறது என்பதை எண்ணிப் பாருங்கள். வாப்பா தம்மாமிலோ துபாயிலோ இருப்பார். கடிதம் உம்மாவின் கைக்கு வரும். அது ஆங்கிலத்தில் இருந்தால், எந்தப் பிள்ளையைப் பற்றியதோ அந்தப் பிள்ளையே படித்துப் பொருள் சொல்லும் வேடிக்கையும் நடப்பதுண்டு. பின்னர் அது புகைப்படமாகக் கடல் கடந்து போகும். வேலை முடிந்து அறைக்குத் திரும்பியவர் கைபேசித் திரையில் அதைப் பெரிதாக்கிப் படிப்பார். ஆசிரியரின் முகத்தையோ குரலையோ அவர் அறியார். அவரிடம் இருப்பவை அந்த வரிகள் மட்டுமே. பெண்பிள்ளையாயின், அவ்வரிகளைப் படித்து அவர் எடுக்கும் முடிவு “போதும், இனி வீட்டில் இருக்கட்டும்” என்பதாகவும் இருக்கக்கூடும்.

ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். பத்தாம் வகுப்பு அரையாண்டுக் கணிதத் தேர்வு. முற்பகல் 11.20 மணி. மாணவி ஒருத்தியின் விடைத்தாளுக்கு அடியில் மடித்த தாள் ஒன்று இருப்பதை அறைக் கண்காணிப்பாளர் காண்கிறார். அதில் கூம்பு, உருளை, இடைக்கண்டம் ஆகியவற்றின் கன அளவுச் சூத்திரங்கள் கையால் எழுதப்பட்டுள்ளன. கேட்டபோது, “இது என்னுடையதுதான்; காலையில் படிப்பதற்காக எழுதினேன்; தேர்வில் பார்க்கவில்லை” என்கிறாள்.

வழக்கமாக எழுதப்படும் கடிதம் இப்படி இருக்கும்: “தங்கள் மகள் கணிதத் தேர்வில் பிட் வைத்துக் காப்பியடித்தபோது கையும் களவுமாகப் பிடிபட்டார். குற்றத்தை ஒப்புக்கொண்டார்.” இவ்விரண்டு வரிகளில் எவராவது கண்ணால் கண்டது எவ்வளவு? தாள் இருந்ததைக் கண்டார்கள். அதைப் பார்த்து அவள் எழுதியதை எவரும் காணவில்லை. ‘ஒப்புக்கொண்டார்’ என்ற சொல்லையும் கவனியுங்கள். அவள் ஒப்புக்கொண்டது தாள் தன்னுடையது என்பதை மட்டுமே. படிப்பவரோ காப்பியடித்ததையே ஒப்புக்கொண்டாள் என்று கொள்வார். ‘கூறினார்’ என்று எழுதினால் இச்சிக்கல் எழாது. ‘வைத்திருந்தாராம்’, ‘பார்க்கவில்லையாம்’ என்று எழுதுவோரும் உளர். அந்த ஓர் ‘ஆம்’ விகுதி, “இவள் சொல்வதை நாங்கள் நம்பவில்லை” என்ற ஏளனத்தைச் சுமந்துகொண்டு வருகிறது.

ஆயினும் நடுநிலை என்பதற்காக மழுப்பலாக எழுதுவது இதனினும் தீயது. “தங்கள் மகள் தேர்வறையில் ஒழுங்கீனமான செயலில் ஈடுபட்டார், உடனடியாகப் பள்ளிக்கு வரவும்” என்ற வரியைப் பாருங்கள். தேர்வு நிர்வாகத்தில் ஒழுங்கீனம் என்பது விதிமீறலைக் குறிக்கும் வழக்கமான சொல். எழுதும் அலுவலருக்கு அதில் உள்நோக்கம் எதுவும் இல்லை. ஆனால் தம்மாமில் இருக்கும் தந்தையின் காதில் அது ‘ஒழுக்கம்’ என்ற சொல்லின் பக்கத்தில் போய் விழுகிறது. மடித்த தாளைப் பற்றிய செய்தி, மகளின் மானத்தைப் பற்றிய செய்தியாக மாறிவிடுகிறது. அன்றிரவு அந்த வீட்டில் கேட்கப்படும் கேள்விகளுக்கும் கணிதத்துக்கும் யாதொரு தொடர்பும் இராது. கடிதத்தில் நாள், மணி, அறை, பாடம், தாளில் இருந்தது என்ன என்பவை ஒவ்வொன்றாக இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். சொல்லாமல் விட்ட இடத்தையெல்லாம் அச்சம் நிரப்பிக்கொள்ளும்.

அவ்வாறாயின் கடிதம் எப்படி இருக்க வேண்டும்? ஏறத்தாழ இப்படி: “இன்று முற்பகல் 11.20 மணிக்கு, 7ஆம் எண் அறையில், தங்கள் மகளின் விடைத்தாளின் கீழ் மடித்த தாள் ஒன்று இருந்ததை அறைக் கண்காணிப்பாளர் கண்டார். அதில் கணிதச் சூத்திரங்கள் ஆறு எழுதப்பட்டிருந்தன, நகல் இணைக்கப்பட்டுள்ளது. தாள் தம்முடையது என்றும், தேர்வின்போது அதைப் பார்க்கவில்லை என்றும் தங்கள் மகள் கூறினார். அவர் தொடர்ந்து தேர்வெழுத அனுமதிக்கப்பட்டார். எழுதிய தாள்களைத் தேர்வறைக்குள் கொண்டுவருதல் பள்ளி விதிப்படி தடைசெய்யப்பட்டது. அத்தாள் பயன்படுத்தப்பட்டதா என்பது குறித்து இன்னும் எம்முடிவும் எடுக்கப்படவில்லை. வியாழக்கிழமை நடைபெறும் விசாரணையில் தாங்களோ தங்கள் சார்பில் உறவினர் ஒருவரோ கலந்துகொள்ளலாம்.”

கண்டவர் யார், கேட்டவர் யார் என்பது இதில் தெளிவாக இருக்கிறது. ஹதீஸின் அறிவிப்பாளர் வரிசையைக் கேட்டுப் பழகிய நமக்கு இதன் அருமை விளங்காமல் போகாது. ஊகத்தைத் தவிர்க்குமாறு அல்ஹுஜுராத் அத்தியாயம் இடும் கட்டளையை நாம் ஜும்ஆ உரைகளில் அடிக்கடி கேட்கிறோம். அலுவலகக் கடிதத்துக்கும் அது பொருந்தும் என்பதை ஏனோ மறந்துவிடுகிறோம்.

“இன்னும் முடிவு எடுக்கப்படவில்லை” என்ற வரியைப் பலர் வெற்று மரியாதையாகக் கருதுகின்றனர். அது அப்படியன்று. விசாரணையில் கண்டறிய வேண்டியது உண்மையிலேயே மீதம் இருக்கிறது. இடைக்கண்டத்தின் கன அளவு πh(R² + Rr + r²)/3. மாணவியின் துண்டுத்தாளில் நடுவிலுள்ள Rr விடுபட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். விடைத்தாளிலும் அதே உறுப்பு விடுபட்டிருந்தால், தாளைப் பார்த்து எழுதினாள் என்ற ஐயம் வலுக்கிறது. ஆனால் அப்போதும் அது உறுதியாகிவிடாது. தவறாக மனனம் செய்தவள் இரண்டு இடத்திலும் தவறாகத்தானே எழுதுவாள்? மாறாக, விடைத்தாளில் சூத்திரம் சரியாக இருந்தால், குறைந்தது அவ்விடையையாவது அவள் தாளைப் பார்த்து எழுதவில்லை என்று கொள்ளலாம். இடைக்கண்ட வினாவை அவள் 11.20க்கு முன் எழுதினாளா, பின் எழுதினாளா என்பதும் பார்க்கத்தக்கது. இவற்றையெல்லாம் ஒப்பிட்டுப் பார்க்கும் முன்னரே ‘காப்பியடித்தார்’ என்று எழுதி அனுப்பிவிட்ட பள்ளி, பிறகு தன் சொல்லைக் காப்பாற்றுவதற்காகவே விசாரணை நடத்தும்.

பெற்றோருக்கும் இதில் ஒரு கடமை உண்டு. கடிதத்தில் எழுதியிருப்பதை மட்டும் படியுங்கள். “தாள் இருந்தது” என்றால் தாள் இருந்தது என்றுதான் பொருள். உடனே பிள்ளையை அடிப்பதும், “எங்கள் பிள்ளை அப்படிச் செய்யாது” என்று ஜமாஅத் பெரியவர்களை அழைத்துக்கொண்டு பள்ளிக்குப் போவதும் ஒரே அவசரத்தின் இரண்டு முகங்கள். கடிதத்தைப் பெற்றோர் குழுமங்களில் பகிர்வது அவற்றினும் கொடுமை. நகலைக் கேட்டு வாங்குங்கள். பிள்ளையிடம் தனியே அமர்ந்து கேளுங்கள். விசாரணை நாளில் நேரத்துக்குச் செல்லுங்கள்.

பள்ளிகள் பெரும்பாலும் மறந்துவிடுவது இரண்டாவது கடிதத்தை. ஐயத்தை எழுத்தில் அனுப்புவோர், அது நீங்கியதை வாய்மொழியாக, “சரி, விடுங்கம்மா” என்று முடித்துவிடுகின்றனர். முதல் கடிதத்தின் புகைப்படமோ தந்தையின் கைபேசியில் அப்படியே கிடக்கிறது. ஆகவே முடிவும் அதே தாளில், அதே கையொப்பத்துடன் வர வேண்டும்: “தாள் கொண்டுவந்தது விதிமீறல், அதற்காக எச்சரிக்கை வழங்கப்பட்டது. அத்தாள் பயன்படுத்தப்பட்டதற்குச் சான்று இல்லை. விடைத்தாள் வழக்கம்போல் திருத்தப்படும்.”

உம்மா அதையும் படம் எடுத்து அனுப்புவார்.