பெற்றோரைப் பரணில் ஏற்றும் பாசம்

தமிழ்நாட்டு அரசு பஸ்களைத் திட்டுவது நம்மவர்களுக்குப் பொழுதுபோக்காகிவிட்டது. திட்டுவதற்கு நியாயமான காரணங்கள் உண்டு. ஆனால் லண்டனில் இருந்து ஒருவர் கடந்த மாதம் தொலைபேசியில் கொட்டித் தீர்த்த ஆத்திரம் அந்த வகையைச் சேர்ந்தது அல்ல. "அம்மா, அப்பாவுக்குப் படுக்கை பதிவு செய்தேன், அவர்களை ஏணியில் ஏற்றிவிட்டார்கள்" என்றார். ஏற்றியவர் அவரேதான் என்பதை அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

நடந்தது இதுதான். யாழ்ப்பாணத்தில் இருந்து சென்னை வந்த எழுபது கடந்த தம்பதியினர் மதுரைக்குப் போக வேண்டும். மகன் tnstc.in தளத்தில் SLEEPER SEATER என்பதைக் கண்டார். இரவில் விரித்தால் படுக்கையாகும் ஆசனம் என்று எண்ணிக்கொண்டார். அப்படி ஒன்றும் இல்லை. ஒரே பஸ்ஸில் கீழே சாய்வு ஆசனங்களும் மேலே படுக்கைகளும் இருக்கும் என்பதே அதன் பொருள். வாங்குவது இரண்டில் ஒன்றைத்தான். படுக்கைக்குக் கட்டணம் கூடுதல். கூடியதே சிறந்தது என்று மகன் இரண்டு படுக்கைகளைத் தெரிந்தார். பிரயாணச்சீட்டில் எண்ணோடு UB என்று இருந்தது. மேற்படுக்கை என்று அதற்குப் பொருள். முழங்கால் தேய்ந்த தாயார் அதில் ஏறவேண்டும். நள்ளிரவில் சிறுநீர் கழிக்க வண்டி நிற்கும்போது இருளில் இறங்கவும் வேண்டும். கீழ்ப்படுக்கையான LB சில வண்டிகளில் மட்டுமே உண்டு. அது கிடைக்காவிட்டால் முதியவர்களுக்குச் சாய்வு ஆசனமே மேல். இ.போ.ச. பஸ்ஸில் கொழும்புக்கு இரவிரவாகச் சாய்ந்தே போய்வந்தவர்கள்தானே நாம்!

ஏறுமிட விவகாரம் இதனிலும் மோசம். மகனின் நினைவில் சென்னை பஸ் நிலையம் என்றால் கோயம்பேடுதான். விடுதியையும் அங்கேயே எடுத்துக் கொடுத்திருந்தார். 2023 டிசம்பர் 30இல் கிளாம்பாக்கத்தில் புதிய முனையம் திறக்கப்பட்டது. தென்மாவட்டங்களுக்கான அரசு விரைவு பஸ்கள் அங்கிருந்தே புறப்படுகின்றன. கோயம்பேட்டில் இருந்து அது ஏறக்குறைய 30 கிலோமீற்றர். விமான நிலையம் இரண்டுக்கும் இடையில் இருக்கிறது. ஆகவே பெற்றோர் முதலில் வடக்கே விடுதிக்குப் போய், மாலை நெரிசலில் வந்த வழியே மீண்டும் தெற்கே ஓடினார்கள். சீட்டில் ஏறுமிடம் கிளாம்பாக்கம் என்றே அச்சாகியிருந்தது. மகன் புறப்படும் நேரத்தை மட்டும் பார்த்து அனுப்பிவிட்டார்.

பதிவுப் பக்கத்தில் குறை இல்லையா? உண்டு. SLEEPER SEATER என்ற சொல்லே குழப்பமானது. ஆயினும் ஆசன வரைபடத்தில் மேல்தட்டும் கீழ்த்தட்டும் தனித்தனியே தெரிகின்றன. பணம் செலுத்துமுன் ஏறுமிடத்தையும் நாமே தெரிவு செய்கிறோம். பயணம் செய்பவரிடம் "ஏணி ஏறுவீர்களா, எங்கே தங்குகிறீர்கள்?" என இரண்டு கேள்விகள் கேட்க மகனுக்கு நேரமில்லை; என்னிடம் அரை மணி நேரம் திட்ட நேரமிருந்தது.

அன்றிரவு நடத்துனர் கீழே ஆசனத்தில் இருந்த இரண்டு இளைஞர்களைக் கேட்டு இடம் மாற்றிக் கொடுத்தாராம். மகன் இதைச் சொல்லவில்லை. தாயார்தான் சொன்னார்.