குற்றம் பாஸ்வேர்டில் இல்லை

ஸ்மார்ட் பிளக் வைஃபையில் சேரவில்லை என்று கம்பெனிக்குப் போன் செய்தால், "பாஸ்வேர்டில் ஸ்பெஷல் கேரக்டர் இருக்கா சார்? எடுத்துடுங்க" என்கிறார்கள். ஏதோ தப்பு நம்முடையது போல!

WPA2 விதிப்படி வைஃபை பாஸ்வேர்டு 8 முதல் 63 எழுத்து வரை இருக்கலாம். ஆங்கிலக் கீபோர்டில் உள்ள எல்லாக் குறிகளும், இடைவெளி உட்பட, செல்லும். அதனால்தான் அதே பாஸ்வேர்டில் நம் போன் சேர்ந்துவிடுகிறது.

பிறகு பிளக்குக்கு என்ன கேடு? சில பிளக்குகளுக்கு, செட்டப் செய்யும்போது, ஆப் இப்படி ஒரே வரியாக விவரத்தை அனுப்புகிறது:

```
ssid=Veedu&pass=Malli&Mullai7
```

இந்த வரியில் & வந்தால் "அடுத்த விவரம் தொடங்குகிறது" என்று பொருள். ஆக, பிளக்கின் கைக்குக் கிடைப்பது Malli மட்டும். இதேபோல + குறி இடைவெளியாக மாறிவிடும். அனுப்புமுன் & குறியை %26 என்று மாற்றினால் தீர்ந்தது. புரோகிராம் எழுதியவர் செய்யவேண்டிய ஒரு வரி வேலை! அதைச் செய்யாதவர்கள் நம் வீட்டுப் பூட்டை மாற்றச் சொல்கிறார்கள்.

மெயின் பாஸ்வேர்டைத் தொடாதீர்கள். ரூட்டரில் கெஸ்ட் நெட்வொர்க் இருந்தால், பிளக்குக்கு அதைக் கொடுத்து, அதன் பாஸ்வேர்டில் ஆங்கில எழுத்தும் எண்ணும் மட்டும் வையுங்கள். பலம் குறையுமே என்றால், குறிகளோடு தாறுமாறாக 12 எழுத்து வைக்குமிடத்தில் 14 வைத்தால் சரியாகிவிடும். கடைசியில் போன் கீபோர்டு தானாக ஓர் இடைவெளி சேர்த்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

அதற்கும் மசியவில்லையா? அப்போது கோளாறு வேறு. பல பிளக்குகள் 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டுமே சேரும்.