ஒன்றரை ஷிப்ட்டும் ஒரு துபாஷியும்

சென்ற மாதம் ஒரு கள ஆய்வு நூலுக்குப் பரிசு கொடுத்தார்கள். திருப்பூர் பனியன் கம்பெனிப் பெண்களைப் பற்றிய ஆங்கில நூல். கொடுக்கட்டும்; பரிசுகளைப் பற்றி எழுதுவதை இவ்விதழ் நிறுத்திப் பல காலமாயிற்று. எரிச்சலூட்டியது பாராட்டுரையில் இருந்த ஒரு வரி. தொழிலாளர்களின் குரலை எந்தக் கலப்புமின்றி அப்படியே கேட்கிறோமாம். ஆய்வாளருக்குத் தமிழ் தெரியாது. நன்றியுரையின் கடைசிக்கு முந்தைய பத்தியில் ‘மொழி உதவி’ செய்த ஒருவருக்கு அரை வரி இருக்கிறது. அவர் ஆணா பெண்ணா, எந்த ஊர், யார் சொல்லி வந்தவர் என்று நூல் முழுக்கத் தேடினோம்; இல்லை. இதைக் கேட்டதற்கு நண்பர் ஒருவரின் இதழ் பதில் எழுதியிருக்கிறது: நல்ல மொழிபெயர்ப்பாளர் கண்ணாடி மாதிரி, கண்ணாடியின் விலாசத்தை யாரும் கேட்பதில்லை.

கண்ணாடியாக இருந்தவன் என்ற முறையில் இதற்குப் பதில் சொல்லும் கடமை எனக்கு இருக்கிறது.

இருபது ஆண்டுகளுக்கு முன் அயல்நாட்டு ஆய்வாளர் ஒருவருக்காகத் திருப்பூரில் ஆறு வாரம் இரவல் வாயாக இருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, லைன் வீட்டு வாசலில், ஓவர்லாக் அடிக்கும் ஓர் அக்காவிடம் பேட்டி. ‘ஓவர்டைம் செய்கிறீர்களா?’ என்பது தாளில் இருந்த கேள்வி. “ஓ.டி. பாக்கறீங்களாக்கா?” என்றேன். “ஓ.டி. எல்லாம் இல்லீங்க தம்பி, ஒண்ணரை ஷிப்ட்டுதானுங்க” என்றார். பிறகு நாலு நிமிடம் பேசினார். ராத்திரி எட்டரைக்கு விட்டால் வீடு சேர ஒன்பது, பையன் தூங்கியிருப்பான், அரை ஷிப்ட் வேண்டாமென்றால் மறுநாள் மிஷின் வேறொருத்திக்குப் போய்விடும் என்றெல்லாம். நான் ஆய்வாளரிடம் திரும்பி, ‘ஓவர்டைம் இல்லையாம், வேலைக்களைப்பு இருக்கிறதாம்’ என்றேன். அவர் ‘இல்லை’ என்ற கட்டத்தில் குறியிட்டார்.

நான் பொய் சொல்லவில்லை. அந்த அக்காவும் சொல்லவில்லை. ஆனால் தாளில் விழுந்தது பொய். திருப்பூரில் கூலியை எண்ணுவது மணிக்கணக்கில் அல்ல, ஷிப்ட் கணக்கில். காலை எட்டரைக்குத் தொடங்கினால் மாலையோடு ஒரு ஷிப்ட், எட்டரை வரை இருந்தால் ஒன்றரை. அரை ஷிப்ட்டுக்கு அரைக் கூலி, அவ்வளவுதான். நாளுக்கு ஒன்பது மணி நேரத்தைத் தாண்டினால் இரட்டிப்புக் கூலி என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் சொன்னது இந்த அரை ஷிப்ட்டுக்குள் காணாமல் போகிறது. ‘ஓ.டி. இல்லை’ என்று அக்கா சொன்னதன் பொருள் கூடுதல் நேரம் உழைக்கவில்லை என்பதல்ல. கூடுதல் நேரத்துக்கு அந்தப் பெயரோ அந்தக் கூலியோ இல்லை என்பது. ஆய்வின் முக்கியமான கண்டுபிடிப்பு அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது. அதை நான் ஒழுங்காகச் சுருக்கிக் கொன்றேன்.

என்ன செய்திருக்க வேண்டும்? ‘ஒன்றரை ஷிப்ட்’டை மொழிபெயர்க்காமல் அப்படியே கொடுத்திருக்க வேண்டும். கூலி, ஷிப்ட், அட்வான்ஸ், பவர் டேபிள் போன்ற சொற்களைத் தொழிலாளி சொன்னபடியே எழுதிக்கொண்டு, எத்தனை மணிக்கு உள்ளே போனார், எத்தனைக்கு வெளியே வந்தார், சனிக்கிழமை கையில் என்ன வந்தது என்று தனித்தனியாகக் கேட்டிருக்க வேண்டும். ஒலிப்பதிவை வேறொருவரிடம் கொடுத்து மறுபடி எழுத வைத்திருந்தால் ஒரே நாளில் நான் பிடிபட்டிருப்பேன். நாலு நிமிடப் பேச்சுக்கு ஒரு வரி மொழிபெயர்ப்பு என்பதே போதுமான தடயம். இன்னொரு தடயம் அச்சிட்ட நூலிலேயே தெரியும். நாற்பது பெண்களும் ஒரே மாதிரி வாக்கியத்தில் ஒரே உவமையோடு பேசினால், அது நாற்பது வாய் அல்ல, ஒரு வாய். பரிசு பெற்ற நூலை அப்படி ஒருமுறை படித்துப் பாருங்கள்.

சொல் போனது பாதிதான். உறவும் என் வழியாகத்தான் போனது. பேட்டி தொடங்குமுன் அந்த அக்கா என்னிடம், “தம்பி எந்த ஊருங்க?” என்றார். சொன்னேன். “அங்க எந்தப் பக்கமுங்க?” கொங்கு நாட்டில் இக்கேள்வி எதற்கு என்று தெரியாதவர் இவ்விதழைப் படிப்பதில்லை. என் ஊரின் எந்தத் தெரு என்று தெரிந்த பிறகுதான் எதைச் சொல்லலாம், எதை விழுங்கலாம் என்று அவர் முடிவு செய்தார். ஆய்வாளருக்கு இதை நான் மொழிபெயர்க்கவில்லை. ‘நலம் விசாரிக்கிறார்’ என்றேன். அவர் குறிப்பேட்டில் ‘நல்ல இணக்கம்’ என்று எழுதிக்கொண்டார்.

மானுடவியலாளர் ஜெரால்ட் பெரிமனை நம் இதழ்களில் இப்போது யாரும் சொல்வதில்லை. 1957, 58இல் இமயமலைக் கிராமம் ஒன்றில் அவர் வேலை செய்தபோது, மொழிபெயர்ப்பாளராக வந்த சமவெளிப் பிராமண இளைஞர் நோயுற்று விலக, அவரிடத்தில் ஒரு முஸ்லிம் ஆசிரியர் வந்தார். அதே ஊர், அதே கேள்விகள். ஆனால் பிராமணர் காதுக்கு மறைக்கப்பட்ட மதுவும் இறைச்சியும் பலியும் வெளியே வந்தன; கீழ்ச்சாதியார் வாய் திறந்தார்கள். பெரிமன் அதைத் தன் ஆய்வின் குறையாக மறைக்காமல், 1962இல் ‘பல முகமூடிகளுக்குப் பின்னால்’ என்று அதையே ஒரு நூலாக்கினார். யார் கேட்டார் என்பதும் தரவுதான் என்பதற்கு அதைவிட நேரான சான்று நான் படித்ததில்லை. அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு நாம் கண்ணாடி உவமைக்குத் திரும்பியிருக்கிறோம்.

திரும்பினோம் என்பதும் தவறு. அதற்கும் பின்னால் போயிருக்கிறோம். புதுச்சேரிக் குவர்னர் துய்ப்ளேக்ஸின் துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளை. 1736 முதல் 1761 வரை அவர் தமிழில் எழுதிய நாட்குறிப்பு நமக்குக் கிடைத்திருக்கிறது. குவர்னருக்கு என்ன சொன்னார், எதைச் சொல்லாமல் விட்டார், தமிழ் தெரிந்த குவர்னர் மனைவி குறுக்கே வந்தபோது எவ்வளவு எரிந்தார் என்பதெல்லாம் அதில் இருக்கின்றன. இங்கே சொல்ல வேண்டியது ஒன்றுதான். பதினெட்டாம் நூற்றாண்டின் துபாஷியிடம் ஒரு நாட்குறிப்பு இருந்தது. இன்றைய துபாஷிக்கு நன்றியுரையில் அரை வரி. குவர்னர்கள் மாறியிருக்கிறார்கள், அவ்வளவே.

வெளிநாட்டாரை மட்டும் திட்டி முடித்தால் கைதட்டல் கிடைக்கும். அது வேண்டாம். இன்று அந்த லைன் வீடுகளில் ஒடியாவும் வங்காளமும் போஜ்புரியும் கேட்கின்றன. 2023 மார்ச்சில், வடமாநிலத்தார் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவி, பிகாரிலிருந்து அதிகாரிகள் திருப்பூருக்கே வந்து விசாரித்தார்கள். அந்த மாதம் நம் சிற்றிதழ்கள் புலம்பெயர் தொழிலாளரைப் பற்றி எழுதிக் குவித்தன. இவ்விதழும் எழுதியது. ‘தொழிலாளர்கள் நிம்மதியாக இருப்பதாகச் சொன்னார்கள்’ என்ற வரி எங்கள் கட்டுரையிலும் உண்டு. அவர்கள் அதை எங்களிடம் சொல்லவில்லை. எங்களுக்கு இந்தி தெரியாது; அவர்களில் பலருக்கு இந்தி தாய்மொழியும் இல்லை. கேட்டுச் சொன்னவர் அவர்களை வேலைக்குக் கூட்டி வந்த காண்ட்ராக்டரின் ஆள். அவர் பெயர் எங்கள் கட்டுரையில் இல்லை. அரை வரி நன்றிகூட இல்லை.