கையெழுத்து இல்லாத தமிழ்ச் சீட்டு

தமிழ்நாட்டில் ஒரு நோயாளி மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும்போது தரப்படும் டிஸ்சார்ஜ் சம்மரி பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கிறது. வேளை தவறாமல் மாத்திரை எடுத்துக் கொடுக்க வேண்டிய மகளோ மருமகளோ தமிழில்தான் படிக்கிறார். ஆகவே இடையில் ஒரு மொழிபெயர்ப்பு நடந்தே தீர வேண்டும். நடக்கவும் செய்கிறது. வார்டில் செவிலியர் தாளின் ஓரத்தில் எழுதித் தருகிறார். மருந்துக் கடையில் உறையின் மேல் குறித்துத் தருகிறார்கள். இரண்டும் இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுக் கல்லூரி மாணவர் வாசித்துச் சொல்கிறார். இவர்களில் எவரும் தாம் எழுதியதன் கீழ்க் கையெழுத்திடுவதில்லை. ஆங்கில மூலத்துக்கு மருத்துவர் பொறுப்பு. வீட்டில் உண்மையாகப் பின்பற்றப்படும் தமிழ்ச் சீட்டுக்கு யார் பொறுப்பு என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை.

இதன் ஆபத்தை ஒரு மருந்தை வைத்தே விளக்கிவிடலாம். முடக்குவாதத்துக்கும் சொரியாசிஸ் என்னும் தோல் நோய்க்கும் மெத்தோட்ரெக்சேட் என்ற மாத்திரை தரப்படுகிறது. இந்நோய்களுக்கு இதை வாரத்தில் ஒரு நாள்தான் உட்கொள்ள வேண்டும். உடலில் புதிதாகப் பிரியும் செல்களுக்குத் தேவையான ஃபோலிக் அமிலத்தின் வேலையை இம்மருந்து தடுக்கிறது. வாரம் ஒரு முறை என்றால் உடல் இடையில் மீண்டுகொள்ளும். நாள்தோறும் விழுங்கினால் எலும்பு மஜ்ஜை, வாயின் உட்தோல், குடல் ஆகியவை முதலில் பழுதடையும். வாய்ப்புண், காய்ச்சல், வயிற்றுப்போக்கு, காரணமின்றித் தோலில் தோன்றும் இரத்தக் கட்டு ஆகியவை அதன் அடையாளங்கள். மருந்து பெரும்பாலும் சிறுநீரகம் வழியாக வெளியேறுவதால், சிறுநீரகம் தளர்ந்த முதியவருக்கு இது உயிராபத்தாகவே முடியக்கூடும்.

அறுபது வயதுப் பெண் ஒருவரின் சம்மரியில் இந்த மருந்து 15 மில்லிகிராம், வாரம் ஒரு முறை, ஞாயிறு இரவு என்று எழுதப்பட்டிருப்பதாகக் கொள்வோம். அதே தாளில் இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் அன்றாட மாத்திரைகள் உள்ளன. தமிழில் எழுதித் தருபவர் வழக்கமான கட்டம் போடுகிறார்: காலை, மதியம், இரவு. அழுத்த மாத்திரைக்குக் காலையில் 1. சர்க்கரை மாத்திரைக்குக் காலையில் 1, இரவில் 1. மெத்தோட்ரெக்சேட் 7.5 மில்லிகிராம் மாத்திரையாகக் கொடுக்கப்பட்டிருப்பதால் இரவில் 2. எண்கள் எல்லாம் சரி. வேளையும் சரி. ஆனால் காலை, மதியம், இரவு என்ற கட்டத்தில் வாரத்துக்கு இடமே இல்லை. ‘ஞாயிறு’ என்ற ஒரு சொல் விழுந்துவிட்டது. வாரத்துக்கு 15 மில்லிகிராம் எடுக்க வேண்டியவர் 105 மில்லிகிராம் எடுக்கத் தொடங்குகிறார்.

எழுதியவரின் கவனக்குறைவு என்று இதை முடித்துவிடக் கூடாது. அன்றாட மருந்துகளுக்காக வரையப்பட்ட கட்டத்தில் வார மருந்தை எழுதினால், எவ்வளவு கவனமானவர் எழுதினாலும் இதே பிழைதான் வரும். வார மருந்துக்குத் தனிக் கட்டம் வேண்டும். அதில் வாக்கியமாகவே எழுத வேண்டும்: ‘வாரத்தில் ஒரே நாள், ஞாயிற்றுக்கிழமை இரவு மட்டும் 2 மாத்திரை. மற்ற ஆறு நாட்களும் இந்த மாத்திரை கிடையாது.’ இரண்டாவது வாக்கியம் மூலத்தில் இல்லையே என்று சிலர் தயங்குவார்கள். மூலத்தின் பொருளில் அது இருக்கிறது. மருத்துவ ஆவணத்தின் மொழிபெயர்ப்பில் காக்க வேண்டியது பொருளைத்தான், சொல்லின் எண்ணிக்கையை அல்ல.

இந்தப் பிழையைக் கண்டுபிடிக்க எளிய வழியும் உண்டு. நான்கு வாரத்துக்கு மருந்து தரப்பட்டிருந்தால் மெத்தோட்ரெக்சேட் 8 மாத்திரைதான் இருக்க வேண்டும். தமிழ்ச் சீட்டின்படி கணக்கிட்டால் 28 நாளுக்கு 56 வரும். கையில் இருக்கும் மாத்திரையும் சீட்டின் கணக்கும் பொருந்தாவிட்டால் சீட்டு தவறு. எட்டும் நான்கு நாளில் தீர்ந்து, குடும்பத்தார் கடையில் மேலும் வாங்கப் போகும் நேரம்தான் கடைசி வாய்ப்பு. ‘ஏன் இவ்வளவு சீக்கிரம் தீர்ந்தது’ என்று கடையில் ஒருவர் கேட்டால் பிழை அங்கேயே வெளிப்பட்டுவிடும். அப்படிக் கேட்பது மருந்தாளுநரின் கடமை.

குழந்தைகளின் திரவ மருந்தில் ஆபத்து வேறு விதமாக வருகிறது. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் 125 மில்லிகிராம் என்று சம்மரியில் இருக்கிறது. தமிழில் எழுதுபவர், தாய்க்குப் புரியட்டும் என்று ‘5 மி.லி.’ என மாற்றுகிறார். 5 மில்லிலிட்டரில் 125 மில்லிகிராம் உள்ள சிரப் என்றால் அது சரி. ஆனால் சிரப் 5 மில்லிலிட்டருக்கு 250 மில்லிகிராம் வலுவிலும் விற்கப்படுகிறது. கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்து 1 மில்லிலிட்டருக்கு 100 மில்லிகிராம் வலுவில் வருகிறது. கடையில் அந்தச் சொட்டு மருந்து கிடைத்து, தாய் சீட்டைப் பார்த்து 5 மில்லிலிட்டர் ஊற்றினால், குழந்தையின் வயிற்றுக்குள் போவது 500 மில்லிகிராம். நான்கு மடங்கு. காய்ச்சல் நீடிக்கும் நாட்களில் வேளைக்கு வேளை இது தொடர்ந்தால் பாதிக்கப்படுவது கல்லீரல்.

எடையைக் கொள்ளளவாக மாற்றுவது மொழிபெயர்ப்பு ஆகாது. அது புதிய மருந்துக் கட்டளை. மருந்தின் வலு தெரியாமல் அதைச் செய்ய எவருக்கும் உரிமை இல்லை. சீட்டில் மில்லிகிராமும், கொடுத்த பாட்டிலின் வலுவும், அதற்குரிய மில்லிலிட்டரும் மூன்றும் சேர்ந்தே இருக்க வேண்டும். அலகுகளைச் சுருக்கவும் கூடாது. மி.கி., மி.லி., மை.கி. என்று அவசரக் கையெழுத்தில் எழுதினால் முதலாவதற்கும் மற்ற இரண்டில் ஒவ்வொன்றுக்கும் இடையே ஒரே ஓர் எழுத்துதான் வேறுபாடு. மில்லிகிராமுக்கும் மைக்ரோகிராமுக்கும் இடையே ஆயிரம் மடங்கு வேறுபாடு. முழுச் சொல்லாக எழுதுவதற்கு ஆகும் சில நொடிகளை மிச்சப்படுத்தத் தேவையில்லை.

மருந்தின் பெயரை மொழிபெயர்க்கவே கூடாது. ‘பிரஷர் மாத்திரை’, ‘வலிப்பு மாத்திரை’ என்பவை பயனைச் சொல்கின்றனவே தவிர, பெயரைச் சொல்லவில்லை. இரத்த அழுத்தத்துக்கு இரண்டு மாத்திரை எடுப்பவரிடம் பிரஷர் மாத்திரையை நிறுத்தச் சொன்னால் எதை நிறுத்துவார்? பெயரைத் தமிழ் எழுத்தில் மட்டும் எழுதுவதும் போதாது. வலிப்புக்கான கார்பமாசெபைனும் தைராய்டு மிகைச் சுரப்புக்கான கார்பிமசோலும் ஆங்கிலத்திலேயே குழப்பம் தருபவை. தமிழில் ஒருவர் ஒருவிதமாக ஒலிபெயர்க்க, மற்றவர் வேறுவிதமாக எழுதினால் அவற்றின் இடைவெளி இன்னும் சுருங்கும். மூலப்பெயர் ஆங்கிலப் பெரிய எழுத்தில் அப்படியே நிற்க வேண்டும். தமிழ் ஒலிபெயர்ப்பும் பயனும் அதன் அருகில் துணையாக வரலாம். அட்டையில் அச்சான பெயரோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட, ஆங்கிலம் படிக்கத் தெரியாதவராலும் முடியும்.

மூலமே தெளிவில்லாமல் இருக்கும்போது என்ன செய்வது என்பதுதான் மிகக் கடினமான இடம். ‘ஓ.டி.’ என்பது பொதுச் சீட்டில் நாளுக்கு ஒரு முறை. கண் மருத்துவத்தில் அதே இரண்டு எழுத்து வலக்கண்ணைக் குறிக்கும். கண்புரை அறுவைக்குப் பிறகு தரப்படும் சொட்டு மருந்தில் அந்த எழுத்துகள் இருந்தால், எத்தனை முறை என்ற குறிப்பா, எந்தக் கண் என்ற குறிப்பா? அனுபவசாலிக்கு ஊகம் வரும். அந்த ஊகத்தைத் தமிழில் எழுதிவிட்டால் ஐயம் மறைந்து, பிழை உறுதியான வாக்கியமாகிவிடும். மொழிபெயர்ப்பவர் மூலத்தைத் திருத்தவும் கூடாது, நிரப்பவும் கூடாது. எழுதிய மருத்துவரைக் கேட்க வேண்டும். அதற்கு மருத்துவர் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்று மருத்துவமனையின் விதியே சொல்ல வேண்டும்.

எதிர்த் திசையிலும் இதே கவனம் தேவை. மாத்திரை எடுத்த பின் ‘மயக்கம் வருகிறது’ என்று நோயாளி சொல்வது தலைசுற்றலாக இருக்கலாம், நினைவிழந்து விழுந்ததாகவும் இருக்கலாம். ஆங்கிலப் பதிவில் இரண்டும் வெவ்வேறு நோய்க்குறிகள், வெவ்வேறு பரிசோதனைகள். விழுந்தாரா, நினைவு இருந்ததா என்று கேட்டபின் எழுத வேண்டும். கேட்க முடியாதபோது நோயாளியின் சொல்லையே பதிவில் வைக்க வேண்டும்.

இதற்கான நடைமுறை கடினமானதல்ல. ஒவ்வொரு மருந்துக்கும் ஆங்கில வரியும் தமிழ் வரியும் ஒரே தாளில் அருகருகே வரட்டும். எண்கள் இரண்டிலும் எண்ணுருவிலேயே இருக்கட்டும். ஆங்கில மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் தமிழ் வரியைத் திரும்ப ஆங்கிலமாக்கட்டும். மருந்தாளுநர் அதை மூலத்தோடு ஒப்பிட்டு, பெயர், வலு, அளவு, வேளை, கிழமை, எத்தனை நாள் என்று சரிபார்த்துக் கையெழுத்திடட்டும். கடைசியாக, மருந்து கொடுக்கப்போகிறவர் தம் சொந்தச் சொற்களில் திருப்பிச் சொல்லட்டும். ‘புரிந்ததா’ என்ற கேள்விக்குப் பெரும்பாலும் தலையாட்டலே பதிலாக வரும். ‘ஞாயிற்றுக்கிழமை இரவு எத்தனை, திங்கட்கிழமை இரவு எத்தனை’ என்று கேட்டால்தான் விடை தெரியும்.

ஆள் பற்றாக்குறை உண்மையானது. எல்லாச் சம்மரிக்கும் இத்தனை படிகளையும் உடனே கொண்டுவர இயலாது என்பதை இந்த ஏடு ஏற்கிறது. ஆனால் வார மருந்து, இன்சுலின், இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து, குழந்தைகளின் திரவ மருந்து ஆகிய நான்கிலிருந்து தொடங்க இயலும். பிழை நேர்ந்தால் மிகுந்த தீங்கு விளைவிப்பவற்றில் இவை முன்னணியில் உள்ளன.

மருத்துவர் நெறிமுறை விதிகள் 2016-இல் திருத்தப்பட்டபோது, மருந்தின் மூலப்பெயரைத் தெளிவாக, இயன்றவரை பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று கூறின. மருத்துவரின் எழுத்தைப் பற்றி விதி வந்துவிட்டது. நோயாளி படிக்கும் எழுத்தைப் பற்றியும் வர வேண்டும். அதை வகுக்க வேண்டியது மாநில சுகாதார நிர்வாகம். கடைப்பிடிக்க வேண்டியது அரசு, தனியார் என்ற வேறுபாடின்றி ஒவ்வொரு மருத்துவமனையின் நிர்வாகம். ஆய்வின்போது கேட்டுப் பார்க்க வேண்டியது தரச்சான்று தரும் அமைப்புகள். மேற்சொன்ன நான்கு வகை மருந்துகளில் ஒன்றேனும் உள்ள எந்தச் சம்மரியும், பொறுப்பேற்பவரின் பெயரும் கையெழுத்தும் கொண்ட தமிழ்ச் சீட்டு இல்லாமல் வார்டை விட்டு வெளியே போகக் கூடாது என்று உத்தரவிட வேண்டும். அந்தச் சீட்டின் நகல் மருத்துவமனைப் பதிவேட்டிலும் இருக்க வேண்டும். பிழை நேர்ந்தால் எந்த வரியில் நேர்ந்தது என்று தேட, இன்று அந்த நகல்கூட எவரிடமும் இல்லை.